பாபுஜியின் படச்சீலை: ஓவியம், பாட்டு, உரை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராஜஸ்தானத்தில் பாபுஜி கதையை விரித்துப் பாடும் மரபைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ஏறக்குறைய ஒரே ஐயங்கள்தான் திரும்பத் திரும்ப எழுகின்றன. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். பின்னால் வரும் விடைகள் முன்னால் உள்ளவற்றைச் சார்ந்திருப்பதால் வரிசையாகப் படிப்பது நல்லது.

படச்சீலை என்றால் என்ன? அதை வைத்துக்கொண்டு யார் பாடுகிறார்கள்?

ஏறத்தாழ 15 அடி நீளமும் 4 அல்லது 5 அடி உயரமும் உள்ள ஒரு பருத்தித் துணியில் ஒரு வீரனின் வரலாறு முழுவதையும் நெருக்கமாக வரைந்திருப்பார்கள். ராஜஸ்தானத்தில் இதை 'ஃபட்' என்பார்கள். இங்கே படச்சீலை என்றே குறிப்பிடுகிறேன். பகலில் அது சுருட்டப்பட்டு ஒருவரின் தோளில் ஊர் ஊராகப் போகும். இருட்டிய பிறகு இரண்டு கழிகளுக்கு இடையே விரித்துக் கட்டப்பட்டு, ஊதுவத்தி காட்டி வணங்கப்பட்ட பின் அதன் முன்னால் கதை நடக்கும்.

கதை சொல்பவர் போபா. அவருடைய மனைவி போபி. பாபுஜியின் போபாக்கள் நாயக் எனப்படும் சாதியைச் சேர்ந்தவர்கள். அவர்களை அழைத்துக் கதை வைப்பவர்களில் முதன்மையானவர்கள் ஒட்டகம் மேய்க்கும் ரைக்கா அல்லது ரபாரி மக்கள். கால்நடைக்கு நோய் வந்தாலும், வேண்டுதல் நிறைவேறினாலும், குடும்பத்தில் நல்லது நடந்தாலும் போபாவுக்கு அழைப்பு போகும். பாபுஜி அவர்களுக்குக் கடவுள். விரிக்கப்பட்ட சீலை அவருடைய கோயில். ஆகவே இதைக் கலை நிகழ்ச்சி என்று மட்டும் பார்ப்பவர்களுக்கு இதில் பாதிதான் புலப்படும்.

பாபுஜி யார்? ராமாயணம் போல ஏற்கெனவே தெரிந்த கதையா?

அந்த மக்களுக்கு அப்படித்தான். பாபுஜி மார்வார் பகுதியில் கோலூ என்ற ஊரைச் சேர்ந்த ராட்டோர் ராஜபுத்திரர். 14ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவர் என்று கருதப்படுகிறார். தேவல் என்ற, சாரணர் எனப்படும் பாணர் குலத்துப் பெண்ணிடமிருந்து கேசர் காளமி என்னும் கரிய பெண் குதிரையை அவர் பெறுகிறார். அதற்கு ஈடாக அவளுடைய மாடுகளைக் காப்பதாக வாக்களிக்கிறார். அண்ணன் மகள் கேலத்தின் திருமணத்தில் இலங்கையிலிருந்து ஒட்டகங்களைச் சீதனமாகக் கொண்டுவருவேன் என்கிறார். மற்றவர்கள் அதைக் கேட்டு ஏளனம் செய்ய, இராவணனை வென்று ஒட்டகங்களை ஓட்டிக்கொண்டு வருகிறார். மார்வாருக்கு ஒட்டகம் வந்தது இப்படித்தான் என்பது ரைக்காக்களின் நம்பிக்கை.

பின்னர் உமர்கோட் இளவரசி பூல்வந்தியை மணக்கப் போகிறார். சடங்கு முடிவதற்குள், அவருடைய சகோதரியின் கணவனும் குலப்பகைவனுமான ஜிந்த்ராவ் கீச்சி தேவலின் மாடுகளைக் கவர்ந்துவிட்டான் என்ற செய்தி வருகிறது. பாபுஜி மணமேடையிலிருந்து எழுந்து போய் மாடுகளை மீட்கிறார். அதைத் தொடர்ந்த போரில் மண்ணுலகை விட்டு நீங்குகிறார். அவருடைய அண்ணன் மகனாகப் பின்னர் பிறக்கும் ரூப்நாத் வளர்ந்து கீச்சியைக் கொன்று பழி தீர்க்கிறான். முடிவு கேட்பவர் அனைவருக்கும் தெரியும். என்ன நடந்தது என்று அறிந்துகொள்வதற்காக யாரும் வந்து உட்காருவதில்லை.

படம்தான் இருக்கிறதே, அப்புறம் பாட்டு எதற்கு, பேச்சு எதற்கு? ஒன்றையே மூன்று தடவை சொல்வதாகத் தோன்றுகிறதே?

ஒரே செய்தி மூன்று வழிகளில் வருவது உண்மைதான். ஆனால் மூன்றும் ஒரே வேலையைச் செய்வதில்லை. நிகழ்ச்சி இரண்டு பகுதிகள் மாறி மாறி வருவதாக அமைந்திருக்கிறது. 'காவ்' என்பது பாட்டு. அப்போது போபா ராவணஹத்தா என்னும் வில்வாத்தியத்தை வாசித்துக்கொண்டு, கால் சலங்கை ஒலிக்க அடியெடுத்து ஆடியபடியே பாடுகிறார். 'அர்த்தாவ்' என்பது உரை. அப்போது வாசிப்பு நின்றுவிடும், போபா சீலையை நோக்கித் திரும்பி, வில்லின் நுனியால் உருவங்களைச் சுட்டியபடி, ஓதுவது போன்ற வேகமான நடையில் கதையைச் சொல்வார். சற்று முன் பாட்டில் வந்த செய்திதான் உரையில் விரிந்து வரும்.

பாட்டில் சொற்கள் இழுக்கப்பட்டு, இசைக்கருவியோடு கலந்து, இரு குரல்களுக்கிடையே பிளந்து வருவதால் கதையைப் பின்தொடர்வது கடினம். அங்கே கிடைப்பது உணர்ச்சியும் தாளமும் பக்தியும். கதையை முன்னே நகர்த்துவது உரை: யார் யாரிடம் என்ன சொன்னார், எங்கே போனார், எதிரில் யார் நின்றார் என்பதெல்லாம் அங்கேதான் தெளியும். உரை நடக்கும்போது உடனிருப்பவர் ஒருவர் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் உம் கொட்டிக்கொண்டே இருப்பார். அந்த உம் இல்லாவிட்டால் உரைக்கு ஓட்டம் கிடைக்காது.

படத்தின் வேலை வேறு. அது கதையைச் சொல்வதில்லை. கதைக்குரியவர்களை அங்கே கொண்டுவந்து இருத்துகிறது. போபா வில்லால் தொடும் உருவம் பாபுஜியின் சித்திரம் மட்டும் அன்று, பாபுஜியேதான் என்பது கேட்பவர்களின் நிலைப்பாடு. பாட்டு அவரை அழைக்கிறது, உரை அவர் செய்ததைச் சொல்கிறது, படத்தில் அவர் எழுந்தருளியிருக்கிறார் என்று இம்மூன்றையும் பிரித்துப் புரிந்துகொள்ளலாம்.

சீலையில் கதை எங்கே தொடங்குகிறது? இடமிருந்து வலமா, மேலிருந்து கீழா?

இரண்டும் இல்லை. முதன்முறை பார்ப்பவர்களைப் பெரிதும் குழப்புவது இதுதான். காட்சிகள் நடந்த வரிசையில் அடுக்கப்படவில்லை. நடந்த இடத்தை வைத்து அடுக்கப்பட்டிருக்கின்றன. சீலையின் நடுவில், மற்ற எல்லா உருவங்களையும் விடப் பெரிதாக, கோலூ அரசவையில் பாபுஜி வீற்றிருப்பார். எதிரே சாந்தோ, டேம்போ முதலிய தோழர்கள். அண்டை அரசர்களின் அவைகள் இருபுறமும் இருக்கும். இலங்கை, உமர்கோட் போன்ற தொலைவான இடங்கள் நடுவிலிருந்து விலகியிருக்கும்.

இதனால் ஒரே ஊரில் ஆண்டுக்கணக்கான இடைவெளியில் நடந்த இரண்டு நிகழ்ச்சிகள் அருகருகே இருக்கும். அடுத்தடுத்த நாளில் இருவேறு ஊர்களில் நடந்தவை சீலையின் இருவேறு பக்கங்களில் இருக்கும். காலவரிசை துணியில் இல்லை, போபாவின் நினைவில் இருக்கிறது. அதனால்தான் போபா இல்லாமல் சீலையை மட்டும் பார்த்துக் கதையைக் கண்டுபிடிக்க முடியாது. அருங்காட்சியகங்களில் தொங்கும் சீலைகளின் முன் நின்று பலர் ஏமாற்றத்தோடு திரும்புவதற்கும் இதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

ஒரு கட்டத்தை எடுத்துக்கொண்டு, அது எப்படி நடக்கும் என்று சொல்ல முடியுமா?

திருமணம் தடைபடும் பகுதியை எடுத்துக்கொள்வோம். மாப்பிள்ளை ஊர்வலம் கோலூவிலிருந்து புறப்படும்போது போபா சீலையின் நடுவில் இருக்கிறார். முதலில் பாட்டு வரும்: குதிரைக்குச் சேணம் பூட்டச் சொல்லும் சில அடிகள், அவ்வளவுதான். பிறகு கருவி ஓய்ந்து உரை தொடங்கும். போபி விளக்கைத் தூக்கிப் பிடிக்க, போபாவின் வில் நடுவிலுள்ள பாபுஜியைத் தொட்டு, தோழர்களைத் தொட்டு, கரிய குதிரையைத் தொட்டு, அங்கிருந்து உமர்கோட் இருக்கும் பக்கமாக நகரும். போபாவும் போபியும் சீலையின் நீளத்துக்கு நடந்தே போவார்கள். பயணத்தைச் சொல்வதும் பயணம் போவதும் ஒன்றாகிவிடும் இடம் அது.

உமர்கோட்டில் மணச்சடங்கு நடந்துகொண்டிருக்கையில் மாடுகள் கவரப்பட்ட செய்தியைச் சொல்ல வேண்டும். அது நடந்தது வேறிடத்தில். ஆகவே விளக்கு மணமக்களை இருட்டில் விட்டுவிட்டுத் தேவலிடம் தாவும். கீச்சியும் மாடுகளும் வெளிச்சத்துக்கு வருவார்கள். மறுபடியும் மணமேடைக்குத் திரும்பும். கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு மாடு போன செய்தி மணமகனுக்கு முன்பே தெரிந்துவிடுகிறது. இருண்ட பகுதியில் அவர் இன்னும் அக்கினியைச் சுற்றிக்கொண்டிருக்கிறார் என்பதும் அவர்களுக்குத் தெரியும். செய்தி வந்து சேர, பாபுஜி மண முடிச்சை வாளால் அறுத்துவிட்டு எழுவதைச் சொல்லும்போது உரையின் வேகம் உச்சத்துக்குப் போகும். அதன் பிறகு வரும் பாட்டில் பூல்வந்தியின் துயரம் மெதுவாக விரியும். நிகழ்ச்சியை உரையும், அதன் வலியைப் பாட்டும் பங்கிட்டுக்கொள்கின்றன. அத்தனைக்கும் படம் மாறவே இல்லை. மாறியது வெளிச்சம் மட்டுமே.

எல்லா முகமும் ஒரே மாதிரி, குதிரையும் திரும்பத் திரும்ப அதே குதிரை. ஓவியருக்குக் கற்பனை போதவில்லையா?

முந்தைய விடையில் சொன்ன பயன்பாட்டோடு சேர்த்துப் பார்த்தால் இதன் தேவை விளங்கும். எண்ணெய் விளக்கின் குறைந்த ஒளியில், பத்தடிக்கு அப்பால் தரையில் உட்கார்ந்திருப்பவர் ஒரு கணத்தில் அடையாளம் காண வேண்டும்: கரிய குதிரை என்றால் பாபுஜி. முகபாவம் அந்தத் தொலைவில் தெரியாது. உடையின் நிறமும் உருவத்தின் அளவும் தெரியும். அரசர் பெரியவர், சேவகர் சிறியவர் என்று அளவே தகுதியைச் சொல்லிவிடும்.

உருவங்கள் பொதுவாக இருப்பதில் இன்னொரு வசதியும் உண்டு. குதிரைமேல் போகும் ஒரே பாபுஜி உருவத்தை ஒரு பயணத்துக்கும் காட்டலாம், அதே வழியில் பின்னர் நிகழும் இன்னொரு பயணத்துக்கும் காட்டலாம். இது எந்தப் பயணம் என்பதை உரை சொல்லும். உருவங்கள் பெரும்பாலும் பக்கவாட்டு முகத்தோடு ஒருவரையொருவர் பார்த்தபடி இருக்கும், நம்மைப் பார்க்காது. அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பேச்சுக்கு ஒலி கொடுப்பவர் போபா.

இதை யார் வரைகிறார்கள்? போபாவே வரைந்துகொள்வாரா?

போபா வரைவதில்லை. பீல்வாடா, ஷாபுரா ஆகிய ஊர்களைச் சேர்ந்த ஜோஷி குடும்பத்து ஓவியர்களிடம் சொல்லி வரையச் செய்வார். சொரசொரப்பான பருத்தித் துணியில் மாவுக் கஞ்சி பூசிக் காயவைத்து, கல்லால் தேய்த்து வழவழப்பாக்குவார்கள். முதலில் வெளிர் மஞ்சளில் முழுச் சீலைக்கும் கோட்டுருவம் போடப்படும். பிறகு ஒரு வண்ணத்தை எடுத்தால் சீலையில் அந்த வண்ணம் வரவேண்டிய எல்லா இடங்களிலும் அதைப் பூசி முடித்த பின்னரே அடுத்ததை எடுப்பார்கள்: முகத்துக்கும் கைகால்களுக்கும் ஆரஞ்சு, அணிகளுக்கு மஞ்சள், பின் பச்சை, பழுப்பு, சிவப்பு, நீலம் என்று மெல்லிய நிறத்திலிருந்து அடர்ந்த நிறத்துக்குப் போய், கடைசியில் கறுப்புக் கோடு. மண், கல், செடி ஆகியவற்றிலிருந்து எடுத்த நிறங்களில் பிசின் கலந்து பயன்படுத்துவது பழைய முறை.

எல்லாம் முடிந்த பின் நடுவிலுள்ள பாபுஜியின் கண் திறக்கப்படும். சிற்பிகள் சிலைக்குக் கண் திறப்பதை அறிந்த தமிழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சீலையைப் பெறும் போபா அப்போது உடனிருப்பார். அந்தக் கணத்திலிருந்து அது துணி அன்று. பல தலைமுறைகளாகக் குடும்பத்துக்குள்ளேயே இருந்த இத்தொழிலை வெளியாருக்கும் கற்பித்தவர் ஸ்ரீலால் ஜோஷி. அவருக்கு 2006இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

போபியின் வேலை விளக்குப் பிடிப்பது மட்டும்தானா?

புகைப்படங்களை மட்டும் பார்த்தவர்களுக்கு அப்படித் தோன்றும். பாட்டில் பாதி அவருடையது. போபா ஓர் அடியைத் தொடங்கி விட்டுவிட, முக்காட்டுக்குள்ளிருந்து போபி உச்சக் குரலில் அதை வாங்கி நிறைவு செய்வார். பல இடங்களில் போபா வாசித்து ஆடிக்கொண்டிருக்க, பாட்டு முழுவதும் போபியிடமே இருக்கும். குரல் வளமுள்ள போபி அமையாத போபாவுக்குத் தொழில் நடத்துவது கடினம்.

விளக்குப் பிடிப்பதையும் எளிய வேலையாக நினைக்க வேண்டாம். திருமணக் கட்டத்தில் பார்த்தோமே, விளக்கு தாவுவதுதான் காட்சி மாற்றம். போபாவின் வில் அடுத்து எங்கே போகும் என்று அறியாதவரால் அதைச் செய்ய முடியாது. முழுக் கதையையும் அவர் அறிந்திருக்க வேண்டும்.

ராவணஹத்தா வெறும் பின்னணி இசைக்கா?

தேங்காய்ச் சிரட்டையில் தோல் போர்த்தி, மூங்கில் தண்டு பொருத்திய வில்வாத்தியம் அது. வில்லில் குதிரைமயிர் கட்டி, சலங்கை மணிகளைக் கோத்திருப்பார்கள். ஆகவே வில்லை இழுக்கும்போது சுரமும் தாளமும் ஒரே கையிலிருந்து வருகின்றன. தனியாக ஒரு தாளக்காரர் தேவைப்படுவதில்லை. அதே வில்தான் உரையின்போது சுட்டுகோலாக மாறுகிறது. ஊர் ஊராக நடந்து திரியும் இருவருக்கு வேண்டிய சிக்கனம் இது. பாட்டையும் படத்தையும் இணைக்கும் பொருளாகவும் அதுவே அமைந்துவிடுகிறது.

எழுதப் படிக்கத் தெரியாதவர் இத்தனை நீளக் கதையை எப்படி நினைவில் வைத்திருக்கிறார்? அவ்வப்போது இட்டுக்கட்டிப் பாடுகிறாரா?

அப்படித்தான் இருக்கும் என்று பலரும் கருதியதுண்டு. ஆனால் இக்கதையைப் பதிவு செய்து ஆராய்ந்து 1991இல் வெளியிட்ட ஜான் டி. ஸ்மித், வெவ்வேறு போபாக்களின் சொற்கள் வியப்பூட்டும் அளவுக்கு ஒத்துப்போவதைக் காட்டினார். சிறுவயதிலிருந்து தந்தையிடமோ உறவினரிடமோ கேட்டு மனனம் செய்வதுதான் வழி. குதிரைக்குச் சேணம் பூட்டுவது, தூது அனுப்புவது, அவைக்கு வந்து வணங்குவது போன்ற நிகழ்ச்சிகள் எத்தனை முறை வந்தாலும் அதே அடிகளில் வரும். பெயரும் ஊரும் மட்டுமே மாறும்.

ஓவியர் ஒரே குதிரையைத் திரும்ப வரைவதும், போபா ஒரே அடியைத் திரும்பப் பாடுவதும் ஒரே முறையின் இரு முகங்கள். அடிப்படை அலகுகள் குறைவு. அவற்றைப் பொருத்தும் வகைகள் அதிகம். போபாவின் சுதந்திரம் எதைப் பாடுவது, எதை விடுவது, எங்கே நீட்டுவது என்ற தேர்வில் இருக்கிறது.

ஒரே இரவில் முடிந்துவிடுமா? நான் ஓர் ஓட்டலில் அரை மணி நேரத்தில் பார்த்தேனே.

முழுக் கதை ஓர் இரவில் அடங்காது. பல இரவுகள் வேண்டும். ஊர்களிலும் வழக்கமாக ஒரு கட்டத்தையோ சில கட்டங்களையோ தேர்ந்து விடிய விடியப் பாடுவார்கள். நடுவே தேநீருக்கு நிறுத்துவதும், வேறு பக்திப் பாடல்கள் பாடுவதும், காணிக்கை கொடுத்தவருக்காகச் சங்கு ஊதுவதும் உண்டு. மழைக்காலத்து நான்கு மாதங்கள் தெய்வங்கள் உறங்கும் காலம் என்பதால் சீலையை விரிப்பதில்லை.

ஓட்டல் முற்றத்தில் நடப்பது பெரும்பாலும் காவ் மட்டும். மொழி தெரியாத விருந்தினருக்கு உரையால் பயனில்லை என்பதால் அது உதிர்ந்துவிடுகிறது. உரை போனால் வில் படத்தைச் சுட்டுவதும் போய்விடும், பின்னால் தொங்கும் சீலை அலங்காரத் திரையாகிவிடும். அரை மணி நேரத்துக்குள் வில் ஒருமுறைகூடத் துணியைத் தொடவில்லை என்றால், நீங்கள் பார்த்தது இந்த மரபின் ஒரு பகுதியை மட்டுமே. அதைப் பாடியவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை; மேய்ச்சல் தொழில் சுருங்கச் சுருங்க அழைப்பும் குறைந்துபோன குடும்பங்கள் அவை.

மின்விளக்கும் ஒலிபெருக்கியும் வந்தது நல்லதுதானே? எல்லாருக்கும் தெரியும், கேட்கும்.

கேட்கும் என்பது சரி. ஆனால் ஒலிவாங்கி ஓரிடத்தில் நிற்கிறது, போபாவும் அதன் முன் நிற்க வேண்டியதாகிறது. சீலையின் நீளத்துக்கு நடக்க முடிவதில்லை. குழல்விளக்கின் கீழ் பதினைந்து அடியும் ஒரே சமயத்தில் தெரிவதால் எது இப்போது நடக்கிறது என்பதைப் படம் சொல்லாமல் போகிறது. இடவரிசையில் அமைந்த சீலை மறைப்பதற்கும் காட்டுவதற்கும் ஒரு நகரும் விளக்கை எதிர்பார்த்துச் செய்யப்பட்டது. ஊரார் விளக்கைக் கேட்டு வாங்குவதில் நியாயம் இருக்கிறது. அதற்கு ஈடாகக் கைவிடப்படுவது எது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

படமே இல்லாமல் பாபுஜி கதையைப் பாட முடியுமா?

முடியும், பாடுகிறார்கள். பெரிய மண்பானைகளின் வாயில் தோல் கட்டி அவற்றைக் கொட்டிக்கொண்டு பாடும் 'மாட்டே' மரபு பாபுஜிக்கு உண்டு. அங்கே சீலை கிடையாது. ஆகவே கதைக்குப் படம் இன்றியமையாதது என்று சொல்வது தவறு. சீலை வரும்போது சேர்வது தெய்வத்தின் இருப்பும், மேலே சொன்ன இடங்களுக்கிடையேயான நடையும்.

வங்காளத்துப் பட்டுவாக்களும் படம் காட்டித்தானே பாடுகிறார்கள்? இரண்டும் ஒன்றுதானா?

படமும் பாட்டும் ஊர் சுற்றுவதும் பொது. பொருந்தும் விதம் வேறு. மேதினிப்பூர்ப் பகுதியில், குறிப்பாக நயா என்ற சிற்றூரில் வாழும் பட்டுவாக்கள் தாங்களே வரைந்து தாங்களே பாடுகிறார்கள். அவர்களின் படம் மேலிருந்து கீழாகக் கட்டம் கட்டமாக அமைந்த நீண்ட சுருள். ஒரு கட்டத்தைப் பாடி முடித்து, அடுத்ததை விரித்து, விரலால் சுட்டிப் பாடுவார்கள். காலவரிசை சுருளிலேயே இருப்பதால் தனி உரைக்குத் தேவை குறைவு. பாட்டே கதையைச் சொல்லிவிடும். பகலில், வீட்டு வாசலில், குறைந்த நேரத்தில் அதைப் பாடிவிடலாம். பாபுஜியின் சீலையில் வரிசை துணியில் இல்லாததால்தான் அர்த்தாவ் அவ்வளவு இடம் பிடித்துக்கொள்கிறது.

கடையில் சிறிய ஃபட் ஒன்று வாங்கினேன். அதை வைத்துக் கதை பாட முடியுமா? பாடப்பட்ட சீலையை எப்படி அடையாளம் காண்பது?

சிறிய சீலைகள் சுவரில் மாட்டுவதற்காக வரையப்படுபவை. பெரும்பாலும் ஒரே காட்சியோ சில காட்சிகளோ இருக்கும். அவற்றில் நல்ல ஓவியங்கள் உண்டு, ஓவியர் குடும்பங்களுக்கு இன்று வருவாய் பெரும்பாலும் அவற்றிலிருந்தே வருகிறது. ஆனால் நான்காம் விடையில் சொன்ன இடவமைப்பு அவற்றில் இல்லாததால் போபாவுக்குப் பயன்படாது.

பாடப்பட்ட சீலையில் பயன்பாட்டின் தடம் இருக்கும்: விளக்குப் புகையின் கருமை, எண்ணெய்க் கறை, சுருட்டிச் சுருட்டி நிறம் உதிர்ந்த கோடுகள், வில் அடிக்கடி தொட்ட இடங்களில் தேய்மானம். நடுவுருவத்தின் அருகே ஓவியரின் பெயரும் சீலையைப் பெற்ற போபாவின் பெயரும் எழுதப்பட்டிருக்கலாம். இத்தகைய சீலைகள் சந்தைக்கு வருவது முறையன்று. கந்தலாகிப் பாட முடியாமல் போனதைப் புஷ்கர் ஏரியில் சடங்கு செய்து கரைப்பதுதான் மரபு. ஆகவே பழைய சீலை என்று ஒன்றை விற்பவரிடம், அது எந்தக் குடும்பத்திலிருந்து, எப்படிக் கைமாறியது என்று கேட்ட பிறகே வாங்குவதைப் பற்றி நினைக்க வேண்டும்.